கிட் வரலாற்றில் தங்கும் கடவுச்சொல்

நிரற்கோப்புகளோடு கடவுச்சொல்லும் தவறுதலாகக் கிட் களஞ்சியத்தில் பதிவாவதுண்டு. 2021 பெப்ரவரியில் சகுரா சாமுராய் என்ற ஆய்வுக் குழு, இந்திய அரசுத் தளங்கள் சிலவற்றில் .git அடைவும் .env கோப்புகளும் வெளியாருக்குத் திறந்து கிடந்ததை அறிவித்தது. அந்த அடைவு கிடைத்தால் தற்போதைய நிரலோடு பழைய பதிவுகளும் கைக்கு வரும்.

கிட் ஒவ்வொரு கமிட்டிலும் கோப்புகளின் முழு நிலையையும் சேமிக்கிறது. அடுத்த கமிட்டில் .env கோப்பை நீக்கினால், புதிய நிலையில் மட்டுமே அது இல்லாமற்போகும். முந்தைய கமிட் அதே உள்ளடக்கத்தைத் தொடர்ந்து சுட்டும். நீக்கிய பின்னரும் இக்கட்டளை அதை வரிக்கு வரி காட்டும்:

```
git log -p --all -- .env
```

ஆகவே முதல் வேலை, கடவுச்சொல்லை அது திறக்கும் சேவையிலேயே மாற்றுவது. பலர் வரலாற்றைத் துடைப்பதில் தொடங்குகிறார்கள். அந்த நேரமெல்லாம் பழைய கடவுச்சொல் செல்லுபடியாகவே இருக்கிறது. பிறகு சேவையின் அணுகல் பதிவேட்டில் அறியாத ஐபி முகவரிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். `git filter-repo` வரலாற்றைத் திருத்தி எழுதும். ஆயினும் பிறர் ஏற்கெனவே எடுத்த குளோன்களையும் ஃபோர்க்குகளையும் அது தொடாது.