பழத்தோலை உரித்தவர் யார்? காபியைப் பதப்படுத்தும் மூன்று முறைகளின் வரலாறும் கோப்பையில் அவற்றின் தடமும்

காபிப் பழம் பறித்த நாளிலிருந்து அதைக் கெடாமல் உலர்த்துவதே தோட்டக்காரரின் கவலை. சிவந்த தோலுக்கு அடியில் கொஞ்சம் சதை, அதற்குள் வழுவழுப்பான பசை, பிறகு பார்ச்மென்ட் எனப்படும் மெல்லிய ஓடு, அதற்குள் வெள்ளித்தோல் ஒட்டிய விதை. எல்லாவற்றையும் விதையின் மேலேயே விட்டுக் காயவைத்தால் அது 'நேச்சுரல்'. நம் சந்தையில் 'செர்ரி'. தோலையும் பசையையும் நீக்கிவிட்டு ஓட்டோடு உலர்த்தினால் கழுவிய காபி, நம்மூரில் 'பார்ச்மென்ட்'. தோலை மட்டும் உரித்து, பசையை முழுதாகவோ பகுதியாகவோ விட்டு உலர்த்தினால் 'ஹனி'. தேன் எதுவும் அதில் சேர்வதில்லை.

இந்த மூன்றையும் சுவையின் தரவரிசையாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அவற்றை வேறொரு கோணத்தில் பார்க்கிறது. தோலுரிக்கும் இயந்திரமும் அதற்கு வேண்டிய தண்ணீரும் யார் கையில் இருந்தன என்பதைப் பின்தொடர்ந்தால், முறைகள் ஏன் அந்த வரிசையில் தோன்றின, ஒன்றுக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை கிடைத்தது என்பவை துலங்குகின்றன.

பழமையானது பழத்தோடு உலர்த்தும் முறை. யேமனின் மலைப்படிக்கட்டு வயல்களில் விளைந்த பழத்தை வீட்டு மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்தார்கள். காய்ந்ததைக் கல் திரிகையில் இட்டு உடைத்தபின், உதிர்ந்த தோலும் வீணாகவில்லை. அதைக் கொதிக்கவைத்து 'கிஷ்ர்' என்று குடித்தார்கள். வறண்ட காற்றும் மழையற்ற அறுவடைக்காலமும் இருந்ததால் இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் காபி கரீபியன் தீவுகளுக்குப் போனபோது இந்த வசதி இல்லாமல் போயிற்று. ஈரக்காற்றிலும் அடிக்கடி பெய்யும் மழையிலும் முழுப்பழம் வாரக்கணக்கில் களத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும், புளிக்கும். தோலை முன்கூட்டியே உரித்துவிட்டால் உலரும் காலம் பாதியாகக் குறையும். ஆகவே உரிக்கும் ஆலை, தொட்டி, வாய்க்கால், சுண்ணாம்புக் களம் என்று ஒரு முழு அமைப்பே உருவானது. பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்கில், இன்றைய ஹெய்ட்டியில், அதை இயக்கியது அடிமைகளின் உழைப்பு. 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபின் ஜமைக்காவுக்குத் தப்பிச்சென்ற தோட்ட முதலாளி லாபோரி, தம் தொழிலறிவை ஒரு நூலாக எழுதி 1798இல் லண்டனில் வெளியிட்டார். அந்நூல் பின்னாளில் இலங்கைத் துரைமார்களின் கைநூலாகப் புழங்கியது.

இலங்கைக்கு அந்த முறை வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1835இல் பிரிட்டன் இலங்கைக் காபிக்கும் மேற்கிந்தியக் காபிக்கும் ஒரே சுங்கவரி விதித்தது. அடிமைமுறை ஒழிந்து ஜமைக்காவின் விளைச்சல் சரிந்துகொண்டிருந்த வேளை அது. ஜமைக்காவில் தொழில் கற்ற ராபர்ட் பாய்ட் டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து மேற்கிந்திய முறையைத் தோட்டங்களில் நிறுவினார். அதற்கு முன்பே கண்டிச் சிங்களக் கிராமத்தார் வீட்டுக்கொல்லையில் காபி வளர்த்து, பழத்தோடு காயவைத்து, உரலில் குத்தி விற்றுவந்தார்கள். காயும் பழமும் கலந்து பறிப்பதும் அவர்களிடம் உண்டு. புதிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வந்த தொழிலாளர்கள் தோலுரிக்கும் பல்பரைச் சுற்றினார்கள், தொட்டியில் இறங்கி அலசினார்கள். மலையிலிருந்து ஓட்டோடு மாட்டுவண்டியில் இறங்கிய கொட்டையைக் கொழும்புக் கிடங்குகளில் உடைத்து, பெண்கள் பொறுக்கித் தரம் பிரித்தார்கள்.

இலங்கையின் ஏற்றுமதிக் கணக்குகளில் இந்த இரண்டும் வேறுவேறு பத்திகளில் இடம்பெற்றன. ஒன்று 'உள்நாட்டார்' காபி, மற்றது 'பிளான்டேஷன்' காபி. லண்டனில் இரண்டாவதற்கே விலை அதிகம். கழுவியது என்பதற்காக மட்டும் அந்த விலை கிடைக்கவில்லை. பழுத்ததை மட்டும் பறிப்பது, ஒரே சீராக உலர்த்துவது, பொறுக்குவது ஆகிய எல்லாமும் முதல் போட்டவரிடமே இருந்தன. அவற்றின் பலன் முழுவதும் கழுவும் முறையின் கணக்கில் ஏறிவிட்டது என்பதே என் கணிப்பு. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் இலங்கைக் காபியை அழித்தது. ஆனால் அந்தப் பாகுபாடு தென்னிந்தியச் சந்தையில் இன்றும் இருக்கிறது. கழுவிய அராபிகா இங்கே 'பிளான்டேஷன்', பழத்தோடு உலர்ந்தது 'அராபிகா செர்ரி', விலையும் அந்த வரிசையிலேயே.

கழுவும் முறையின் நுட்பம் தொட்டியில்தான் இருக்கிறது. பறித்த அன்று மாலையே பல்பரில் தோலுரித்த கொட்டை தொட்டிக்குப் போகும். பசை நீரில் கரையாது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதிலுள்ள பெக்டினைச் சிதைத்தால்தான் அது விட்டுப்போகும். இளஞ்சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் போதும். குளிர்ந்த மலையில் முப்பத்தாறு மணி நேரமும் ஆகலாம். எனவே கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. கைப்பிடி கொட்டையை அலசித் தேய்க்கும்போது கூழாங்கல்போலச் சரசரத்தால் பசை போய்விட்டது. வழுக்கினால் இன்னும் இருக்கிறது. குச்சியைக் குவியலில் செருகி எடுத்ததும் குழி மூடாமல் நின்றாலும் அதே பொருள். அப்போதே அலசிவிட வேண்டும். தாமதித்தால் காடி வாடை கொட்டைக்குள் இறங்கும். இதில் எளிதில் தவறவிடக்கூடியது பல்பரின் இடுக்கு. முந்தைய நாள் அங்கே சிக்கிய சில கொட்டைகள் மறுநாள் தொட்டியில் சேர்ந்து, வறுத்தபின் ஒரு மூட்டை முழுவதற்கும் அழுகல் நாற்றம் தந்துவிடும்.

பழத்தோடு உலர்ந்த காபி இனிப்பாக இருப்பதற்குப் பழச்சர்க்கரை விதைக்குள் ஊறுவதே காரணம் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தில் செல்மர், பைடோஃப், க்னோப் ஆகியோர் செய்த ஆய்வுகள் வேறு விளக்கம் தந்தன. காபிக்கொட்டை உலரும்வரை உயிருள்ள விதை. தோலுரிந்ததும் அது முளைக்கத் தொடங்குகிறது. கழுவிய கொட்டையில் முளைப்பின் அடையாளங்கள் சுமார் இரண்டு நாளில் உச்சத்தை எட்டின. பழத்தோடு கிடந்த விதையில் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே. அந்த வேலையில் கழுவிய விதை தன் குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் செலவழித்துவிடுகிறது. பழத்துக்குள் இருக்கும் விதையில் அவை பெருமளவு மிஞ்சுகின்றன. சுக்ரோஸில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. மெல்ல உலரும் விதை வறட்சியில் தவிக்கும் செடியைப்போல நடந்துகொண்டு, காமா-அமினோபியூட்ரிக் அமிலத்தைத் திரட்டிக்கொள்கிறது. பதப்படுத்தும் முறை விதையின் உள்ளேயே மாற்றம் செய்கிறது என்பதற்கு இது சான்று. வெளியே பசையில் நடக்கும் புளிப்பு தரும் மணங்கள் இதற்கு மேல் சேருபவை.

கோப்பையில் இந்த வேறுபாட்டை உணரப் பெரிய பயிற்சி வேண்டாம். கழுவிய அராபிகாவில் புளிப்பு தெளிவாக முன்னே வரும், நீர்மம் மெலிந்திருக்கும், குடித்தபின் நாக்கில் எதுவும் தங்காது. மண், உயரம், ரகம் ஆகியவற்றின் வித்தியாசம் அதில்தான் துலக்கமாகத் தெரியும். செர்ரியில் கனம் கூடும், புளிப்பு பின்வாங்கும், உலர்பழமும் திராட்சை மதுவும் நினைவுக்கு வரும். எத்தியோப்பியாவின் ஹராரில் விளையும் காபி இதற்குப் பெயர்பெற்றது. வறுத்த கொட்டையைப் பார்த்தும் ஊகிக்கலாம். நடுக்கோடு வெளிறி இருந்தால் பெரும்பாலும் கழுவியது, பழுப்பாக இருந்தால் செர்ரி. நம் ஃபில்டர் காபிப் பொடியில் பிளான்டேஷன் ஏ மணத்துக்கும், ரோபஸ்டா செர்ரி டிகாக்‌ஷனின் கெட்டித்தன்மைக்கும் சேர்வதும் இந்தக் குணங்களை அறிந்தே. கெட்டித்தன்மையில் ரோபஸ்டா என்ற இனத்துக்கும் பங்குண்டு. எல்லாவற்றையும் முறையின் தலையில் ஏற்றக் கூடாது.

மூன்றாம் முறையின் முன்னோடி பிரேசிலில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பழத்தோடு உலர்த்துவதே மரபு. ஒரே கிளையில் காயும் பழமும் காய்ந்ததும் சேர்ந்திருக்க, எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவி எடுப்பதால் கோப்பையில் துவர்ப்பு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே பரவிய இயந்திரங்கள் பழத்தைச் சல்லடையோடு சேர்த்து அழுத்தின. மெத்தென்ற பழம் பிதுங்கி வெளியேறியது, கடினமான காய் உள்ளேயே தங்கியது. உரிந்த கொட்டையைத் தொட்டியில் இடாமல் பசையோடு களத்தில் பரப்பினார்கள். 'செரேஜா டெஸ்காஸ்காடோ' என்ற அந்தக் காபியின் முதல் சாதனை காயைப் பிரித்தது. பசை தங்கியதால் வந்த உருண்ட இனிப்பு கூடவே கிடைத்த ஆதாயம்.

கோஸ்டாரிக்காவில் கதை வேறாக நடந்தது. அங்கே சிறு விவசாயிகள் பழத்தைப் பெரிய ஆலைகளுக்கு விற்றார்கள். ஆலை எல்லாருடைய பழத்தையும் ஒன்றாகக் கலந்து கழுவியது. மரபான கழுவலில் ஒரு கிலோ கொட்டைக்குப் பல பத்து லிட்டர் தண்ணீர் செலவாகி, புளித்த கழிவுநீர் ஆறுகளில் கலந்தது. 1990களில் அதற்குக் கட்டுப்பாடு இறுகியபோது, பசையை உராய்வால் சுரண்டி எடுக்கும் சிறு இயந்திரங்கள் பரவின. கொலம்பியாவின் செனிகஃபே ஆய்வு நிலையம் உருவாக்கிய 'பெகோல்சப்' இந்த வகையைச் சேர்ந்தது. 2000க்குப் பின் கோஸ்டாரிக்காவின் விவசாயக் குடும்பங்கள் இத்தகைய இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கி, தோட்டத்திலேயே சிற்றாலை வைத்தன. சுரண்டும் அளவைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், எவ்வளவு பசையை விட்டுவைப்பது என்பது விவசாயியே எடுக்கும் முடிவானது. இலங்கையில் துரையிடம் இருந்த பல்பர் இங்கே சாகுபடியாளரின் கொட்டகைக்கு வந்துவிட்டது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். ஏற்காட்டில் ஜனவரி வெயிலில் ஒரே நாளில் பறித்த 600 கிலோ பழுத்த அராபிகாவை மூன்றாகப் பிரிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு 200 கிலோவும் இறுதியில் ஏறத்தாழ 35 கிலோ கொட்டை தரும். கழுவியது சுமார் எட்டுப் பத்து நாளில் உலர்ந்துவிடும். ஹனிக்குப் பதினைந்து நாள்வரை ஆகலாம். செர்ரிக்கு அதைவிடக் கூடுதல்; கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கடகடக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டு நாட்களில் மிகுந்த ஆள் கேட்பது ஹனி. பசை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியின் நடுவில் காற்றுப் புகாமல் பூசணம் வரும். ஆகவே உயர்த்திய படுக்கையில் மெல்லியதாகப் பரப்பி, மணிக்கு ஒருமுறையாவது கிளற வேண்டும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது இதையே செய்தால் ஹனிக்கும் செர்ரிக்கும் ஆபத்து அதிகம். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பருவத்தின் முதல் பறிப்பைக் கழுவுவதே பிழைக்கும் வழி.

சரியாக உலர்ந்த ஹனி கோப்பையில் கழுவியதன் தெளிவில் கொஞ்சத்தை இழந்து, கனத்தையும் மழுங்கிய புளிப்பையும் பெறும். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற பெயர்களைத்தான் நம்ப முடியாது. ஒரு சிற்றாலை விட்டுவைத்த பசையின் அளவைக் கொண்டு நிறம் சொல்கிறது; இன்னொன்று பசையை முழுதும் விட்டு, நிழலில் எத்தனை நாள் மெல்ல உலர்த்தியது என்பதைக் கொண்டு சொல்கிறது. இரண்டு பைகளில் 'சிவப்பு' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை ஒரே காபி ஆகாது. வாங்குபவர் கேட்க வேண்டியவை எவ்வளவு பசை, எத்தனை நாள், வெயிலா நிழலா என்ற மூன்று கேள்விகள். சிற்றாலைக்காரரிடம் அதற்கான பதில் பெரும்பாலும் ஒரு நோட்டில் எழுதியே இருக்கும்.