மட்டக்களப்பில் பிறந்த போர்த்துக்கேயம்

ஓட்டமாவடி முஸ்லிம்களின் பேச்சில் துஆ, சலாம் போன்ற அரபுச் சொற்கள் இயல்பாகக் கலந்துள்ளன. ஆயினும் அது தமிழே. வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழாகவே இருக்கின்றன. சொற்களைக் கடன் வாங்குவதால் மட்டும் புதுமொழி பிறந்துவிடாது.

புதுமொழி பிறந்த கதையைக் காண, அங்கிருந்து வாவிக்கரையோரமாகத் தெற்கே மட்டக்களப்பு நகருக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பறங்கியரின் பரம்பரை மொழி, போர்த்துக்கேயச் சொற்களால் ஆன ஒரு கிரியோல்.

ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இருசாரார் வணிகத்துக்காகவோ வேலைக்காகவோ கூடும்போது, சில நூறு சொற்களைக் கொண்டு சமாளிக்கின்றனர். அதுவே பிஜின். அது எவருக்கும் தாய்மொழியன்று. சந்தையோடு அதன் வேலை முடிந்துவிடும். அத்தகைய பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அதையே முதல்மொழியாகக் கொண்டால், அழுவதற்கும் சண்டையிடுவதற்கும் கதை சொல்வதற்கும் அது போதவேண்டும். அந்த நிலையே கிரியோல்.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. போர்த்துக்கேய ஆண்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்தோரின் வீடுகளில் அது ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

வீட்டுமொழியானபோது சொற்கள் எவ்வாறு இலக்கணமாயின என்பதைப் பாருங்கள். போர்த்துக்கேயத்தில் 'ஜா' என்றால் 'ஏற்கெனவே'. வேண்டுமானால் சொல்லலாம், விட்டுவிடலாம். கிரியோலில் அதுவே வினையின் முன் ஒட்டி இறந்தகாலத்தைக் காட்டுகிறது. 'பிறகு' எனப் பொருள்படும் 'லோகோ', 'லோ' எனச் சுருங்கி எதிர்காலம் காட்டுகிறது. 'பாரா' என்பது போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் வரும் சொல். இங்கோ 'ப' எனக் குறுகி, நம் 'கு' உருபைப்போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'எலி' என்றால் அவன். 'எலிப' என்றால் அவனுக்கு. வினையும் தமிழில் போலவே வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. சொல் லிஸ்பனுடையது, கட்டு மட்டக்களப்பினுடையது.

மட்டக்களப்பில் இம்மாற்றம் நிகழ்ந்தபோது எவரும் அதைப் பதிவுசெய்யவில்லை. பப்புவா நியூகினியில் அத்தகைய மாற்றத்தைக் கண்முன்னே காண முடிந்தது. அங்குள்ள டோக் பிசினில், ஆங்கிலத்தின் 'பை அண்ட் பை' முதலில் 'பிறகு' என்ற தனிச்சொல்லாக இருந்தது. பின்னர் 'பை' எனச் சுருங்கி எதிர்காலக் குறியாகி, வினையை நெருங்கி நின்றது. அதைத் தாய்மொழியாகக் கொண்ட இளையோர், முதியோரைவிட அதை விரைவாகவும் அழுத்தமின்றியும் ஒலிப்பதை 1970களில் ஆய்வாளர் கண்டனர்.

எனினும், பிள்ளைகள் மட்டுமே கிரியோலை உருவாக்குகின்றனர் என்று எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. மட்டக்களப்புக் கிரியோலின் தமிழ்க் கட்டும் ஒரே தலைமுறையில் வந்ததன்று. இருமொழி பேசிய பறங்கியர் நெடுங்காலம் தமிழோடு வாழ்ந்ததன் விளைவு என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

இன்று பறங்கியர் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழிலேயே பேசுகின்றனர். பிள்ளைகளின் வாயில் பிறந்த மொழி, பிள்ளைகள் பேசாததால் மறைந்துகொண்டிருக்கிறது. ஒல்லாந்தரின் ஆட்சியையும் ஆங்கிலேயரின் ஆட்சியையும் தாண்டிய அம்மொழியை, பக்கத்து வீட்டுத் தமிழ் வென்றுகொண்டிருக்கிறது.