இரட்டை உள்ளீட்டு ஒப்பீடு

ஒரே மூலத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்ய, இரு படிகளையும் ஒப்பிட்டு ஒவ்வொருவரின் பிழை விகிதத்தைக் கணிக்கும் முறை.

இதன் தொடக்கம் துளையட்டைக் காலத்தில் இருக்கிறது. ஒருவர் துளையிட்ட அட்டையைச் சரிபார்ப்புப் பொறியில் வைத்து, இன்னொருவர் அதே மூலத்தைப் பார்த்து மறுபடி தட்டுவார். 1949இல் வந்த ஐபிஎம் 056 பொறியில், பிழையில்லாத அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். பொருந்தாத நெடுவரிசைக்கு மேலே விழும் வெட்டு பிழையைக் காட்டும். இது பிழையைப் பிடித்ததே தவிர, ஆளை அளக்கவில்லை. அந்த அடியை அதற்கு முன்பே, 1940ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எட்வர்ட்ஸ் டெமிங் எடுத்துவைத்தார். பிழை குறைவாகச் செய்து வருபவரின் வேலையில் ஒரு மாதிரியை மட்டும் சரிபார்த்தால் போதும் என்றார். அதற்கு ஒவ்வொருவரின் விகிதமும் தெரிந்தாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பத்து லட்சம் எழுத்துள்ள நூலில் அ, ஆ இருவரின் படிகள் 900 இடங்களில் வேறுபட்டால், தவறு யாருடையது என்பதை அந்த எண் சொல்லாது. மூலத்தைத் திறந்து 900 இடத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாமவர் இ அதே நூலைத் தட்டினால் மூலம் இல்லாமலே கணிக்கலாம். அ–இ வேறுபாடு 800, ஆ–இ வேறுபாடு 500 என்க. ஒவ்வொரு வேறுபாடும் அந்த இருவரின் பிழைகளைக் கூட்டிய தொகை. ஆகவே அ செய்த பிழை (900+800−500)/2 = 600. ஆவுக்கு 300, இக்கு 200 மிஞ்சும். அ பத்தாயிரம் எழுத்துக்கு ஆறு தவறு செய்கிறார்.

இந்தக் கணக்கு, பிழைகள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்கின்றன என்று கொள்கிறது. உண்மையில் மங்கிய அச்சிலும், 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய முடியாத கையெழுத்திலும் மூவரும் ஒரே தவறைச் செய்வார்கள். அது எந்த ஒப்பீட்டிலும் தெரியாது. ஆகையால் படிகள் ஒத்துப்போன பக்கங்களிலும் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து மூலத்தோடு பார்ப்பது அவசியம். ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டால் அதற்குப் பின்னுள்ளதெல்லாம் தவறாகத் தோன்றும் என்பதால், வரிகளை முதலில் இணைசேர்த்த பிறகே எண்ண வேண்டும்.

திருவனந்தபுரத்தில் மலையாள நூலைத் தட்டுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ൻ என்ற சில்லெழுத்துக்கு 2008இல் வந்த ஒருங்குறி 5.1 தனிக்குறி (U+0D7B) தந்தது. பழைய விசைப்பலகை அதே எழுத்தை மூன்று குறிகளாக (U+0D28 U+0D4D U+200D) இடும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒப்பீட்டு நிரல் இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். ஒருங்குறியின் வழக்கமான சீராக்கம் இவற்றை ஒன்றாக்காது. தமிழில் ‘ொ’ இரு வகையாக வருவதை அது சரிசெய்துவிடும். சில்லெழுத்துகளுக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். அது இல்லாமல் எண்ணினால், பழைய விசைப்பலகை வைத்திருப்பவர், ஒரு எழுத்தும் தவறாத நிலையிலும், குழுவிலேயே மிக மோசமான தட்டச்சராகப் பதிவாவார்.