பின்தொடரும் தோழனின் நினைவு: நிலைப்பொறிக்கும் நடத்தை மரத்திற்கும் இடையே ஒரு வரலாறு

கணினி விளையாட்டுகளில் வரும் பாத்திரங்கள் எவ்வாறு முடிவெடுக்கின்றன என்பதன் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் சொல்லிவிடுகின்றன. முதலில் நிலைப்பொறி இருந்தது. அது சிக்கலாகிப் பின்னிக்கொண்டது. பிறகு நடத்தை மரம் வந்து அதை வென்றது. எதிரிப் பாத்திரங்களைப் பொறுத்தவரை இந்தக் கதை ஓரளவு பொருந்தும். ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து அவருக்கு உதவும் தோழமைப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு விதமாகத் தெரிகிறது. எதிரி சில நொடிகளே திரையில் வாழ்ந்து மடிகிறான். தோழனோ பல மணி நேரம் கண்ணெதிரே நடக்கிறான். அவனுடைய தடுமாற்றம் ஒவ்வொன்றும் பார்வைக்குத் தப்பாது.

நிலைப்பொறி என்ற கருத்து விளையாட்டுக்கு உரியதன்று. மீலி 1955இலும் மூர் 1956இலும் வெளியிட்ட கட்டுரைகள் மின்சுற்றுகளையும் தொடர்முறைப் பொறிகளையும் பற்றியவை. ஒரு பொறி எந்நேரமும் ஒரே ஒரு நிலையில் இருக்கும். உள்ளீடு வந்தால் அம்புக்குறி காட்டும் அடுத்த நிலைக்குப் போகும். நிலை என்பதே இங்கு நினைவு. இதுவரை என்ன நடந்தது என்பதைப் பொறி தான் நிற்கும் இடத்தைக் கொண்டே அறிகிறது.

தோழமைப் பாத்திரத்தின் வரலாற்றில் 1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் ஒரு முக்கியமான ஆவணம். வால்வ் நிறுவனம் அதன் மூலநிரலின் பெரும்பகுதியை விளையாட்டை மாற்றியமைப்போருக்காகப் பின்னர் வெளியிட்டதால், அன்றைய முடிவுகளை இன்றும் வரிவரியாகப் படிக்க முடிகிறது. அதில் வரும் பார்னி என்னும் காவலாளியை நோக்கி ஆட்டக்காரர் ஒரு விசையை அழுத்தினால் அவர் பின்தொடர்வார். மீண்டும் அழுத்தினால் நின்றுவிடுவார். வெளிப்புறத்தில் இது நிலைப்பொறிதான்: MONSTERSTATE_IDLE, MONSTERSTATE_ALERT, MONSTERSTATE_COMBAT என்று நிலைகள் பெயரிடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிலைக்குள்ளும் GetSchedule() என்றொரு பகுதி இருக்கிறது. அது நிபந்தனைகளை முன்னுரிமை வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, முதலில் பொருந்தும் செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு செயல்திட்டமும் தன்னை எவையெவை குறுக்கிடலாம் என்ற பட்டியலைத் தானே சுமந்துவருகிறது. பின்தொடர்தலைப் புதிய எதிரியோ, காயமோ, ஆபத்தான ஓசையோ முறிக்கலாம். மரம் என்ற பெயர் அப்போது வழக்கில் இல்லை. மரத்தின் முதன்மையான உறுப்பாகிய முன்னுரிமைத் தேர்வு மட்டும் அங்கே ஏற்கெனவே இருந்தது.

அந்த நிரலில் சிறியதொரு பகுதி தனிக் கவனத்துக்கு உரியது. பார்னி ஆட்டக்காரரிடமிருந்து 128 அலகு தொலைவுக்குள் வந்ததும் நின்றுவிடுவார். நிற்கும் மனித உருவத்தின் உயரம் 72 அலகு என்பதால், 128 என்பது ஓர் ஆளின் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. அதற்கப்பால் இருந்தால் நடக்க வேண்டுமா, ஓட வேண்டுமா? பெயர்களை எளிதாக்கி அந்த விதியை இவ்வாறு எழுதலாம்:

```
if (distance < 128)
    stop();
else if (distance < 190)
    gait = WALK;
else if (distance >= 270)
    gait = RUN;
```

190க்கும் 270க்கும் இடைப்பட்ட வெளிக்கு விதியே இல்லை. அங்கே பார்னி முன்பு எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதையே தொடர்வார். இது மறதியால் விடுபட்டதன்று, வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி. எல்லை ஒரே எண்ணாக, 230 என்று வைத்துக்கொள்வோம், இருந்திருந்தால் என்ன ஆகும்? ஆட்டக்காரரின் வேகம் நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கும்போது தோழன் 231இல் ஓடத் தொடங்கி, 229இல் நடந்து, மறுபடியும் 231இல் ஓடுவான். நிரல் நொடிக்குப் பத்து முறை சிந்திப்பதால் இந்தத் துடிப்பு திரையில் வலிப்பு வந்தவனைப் போலத் தெரியும். இடைவெளி அதைத் தடுக்கிறது. தடுப்பதற்குத் தேவைப்பட்டது ஒரு துளி நினைவு: சென்ற முறை நான் நடந்தேனா, ஓடினேனா?

2004இல் ஹாலோ 2 வெளிவந்தது. அதன் முடிவெடுக்கும் முறையை டேமியன் ஐலா 2005ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார். நடத்தை மரம் என்ற சொல் தொழிலில் பரவியது அந்த உரைக்குப் பிறகுதான். அவர் தம் அமைப்பை அடுக்குமுறை நிலைப்பொறி என்றும் நடத்தை மரம் என்றும் இரு பெயராலும் அழைத்தார் என்பதைப் பின்வந்தோர் பலர் மறந்துவிட்டனர். அவருடைய உரையின் தலைப்பே சிக்கலைக் கையாளுவது பற்றியது. காரணம் எளிய எண்கணிதம். நான்கு நிலைகளுக்கு இடையே அதிக அளவாகப் பன்னிரண்டு அம்புக்குறிகள் வரையலாம். ஐந்தாவது நிலையைச் சேர்த்தால் இருபது. பத்து நிலைகளுக்குத் தொண்ணூறு. மரத்தில் அம்புக்குறியே இல்லை. கிளைகள் முன்னுரிமை வரிசையில் நிற்கின்றன. மேலே உள்ள கிளையின் நிபந்தனை நிறைவேறினால் கீழே ஓடிக்கொண்டிருப்பது விலகுகிறது. புதிய நடத்தையைச் சேர்க்க வேண்டுமானால் அதற்குரிய இடத்தில் செருகினால் போதும்.

கோலடான்கைஸும் ஓக்ரனும் ரோபோக்களின் நடத்தை மரங்களைப் பற்றி 2018இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை நிரல்மொழி வரலாற்றோடு ஒப்பிட்டனர். நிலைப்பொறியின் தாவல் பழைய goto கட்டளையைப் போன்றது. போன இடத்திலிருந்து திரும்பும் வழி அதற்குத் தெரியாது. மரத்தின் அழைப்பு செயற்கூற்றை அழைப்பது போன்றது. முடிந்ததும் அழைத்த இடத்துக்கே விடை திரும்பும். ஒப்புமை சரியானதே. ஆயினும் அது ஒரு பாதியை மட்டும் சொல்கிறது.

மறுபாதியைக் காண 2008இல் வெளிவந்த லெஃப்ட் 4 டெட் விளையாட்டின் சூழலை எடுத்துக்கொள்ளலாம். அதில் நால்வர் சேர்ந்து போகிறார்கள். மனிதர் ஆடாத இடத்தைக் கணினியே இயக்கும் தோழன் நிரப்புகிறான். வீழ்ந்துவிட்ட ஒருவரைத் தூக்கி நிறுத்த ஐந்து நொடிகள் ஆகும். இடையில் விட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்துதான். இத்தகைய தோழனுக்கு ஒருவர் எளிய மரம் ஒன்றை வரைகிறார் என்று கொள்வோம். முதல் கிளை: எதிரி 300 அலகுக்குள் இருந்தால் சுடு. இரண்டாவது: நண்பர் வீழ்ந்திருந்தால் தூக்கு. மூன்றாவது: ஆட்டக்காரரைப் பின்தொடர். பார்ப்பதற்குக் குறையில்லாத மரம் இது.

இப்போது ஆட்டக்காரர் வீழ்கிறார். தோழன் ஓடிவந்து குனிகிறான். மூன்றாவது நொடியில் ஓர் எதிரி 295 அலகில் தலைகாட்டுகிறது. முதல் கிளை விழித்துக்கொள்கிறது. தோழன் எழுந்து திரும்புகிறான். எதிரி சுவருக்குப் பின்னே 310க்கு விலகுகிறது. தோழன் மீண்டும் குனிந்து சுழியத்திலிருந்து தொடங்குகிறான். எதிரி மறுபடியும் எட்டிப்பார்க்கிறது. எழுவதும் குனிவதுமாகத் தோழன் இருக்க, கீழே கிடக்கும் ஆட்டக்காரரின் உயிர் கரைந்துகொண்டே போகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒவ்வொரு கணத்திலும் மரம் எடுத்த முடிவு சரியானது. எங்கும் பிழைச்செய்தி எழாது. செயற்பதிவைத் திறந்து பார்த்தால் மட்டுமே இரண்டு கிளைப்பெயர்கள் மாறிமாறி வருவது தெரியும்; இந்நோயின் அடையாளம் அதுவே.

நிலைப்பொறியில் இதே தவறு நேராதா? நேரலாம். ஆனால் அங்கே 'தூக்குதல்' நிலையிலிருந்து 'சுடுதல்' நிலைக்கு ஓர் அம்புக்குறியை யாரோ ஒருவர் கையால் வரைந்தாக வேண்டும். வரையும்போதே கேள்வி எழும்: இரண்டு நொடி மீதமிருக்கும்போது விட்டுவிட்டுப் போகலாமா? மரத்தில் அந்த அம்புக்குறி யாரும் வரையாமலே பிறந்துவிடுகிறது. மூன்று கிளைகளை வரிசையாக அடுக்கியதும் ஆறு தாவல்கள் மறைமுகமாக அமைந்துவிடுகின்றன. அவற்றில் எதையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மரம் அம்புக்குறிகளை ஒழிக்கவில்லை. அவற்றைக் கண்ணிலிருந்து மறைத்தது. எதிரிக்கு இது பெரும்பாலும் நன்மை. தொடங்கிய உதவியை முடிக்க வேண்டிய தோழனுக்கு அப்படியன்று.

நினைவைப் பேணும் வழியும் புதிதன்று. டேவிட் ஹாரல் 1987இல் வெளியிட்ட நிலைவரைபடக் கட்டுரையில் நிலைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியதோடு, வட்டத்துக்குள் H என்று குறிக்கும் வரலாற்று நிலையையும் தந்தார். ஒரு தொகுதியைவிட்டு வெளியேறித் திரும்பும்போது, கடைசியாக இருந்த உள்நிலைக்கே போ என்பது அதன் பொருள். லெஃப்ட் 4 டெட்டின் வடிவமைப்பாளர் மைக்கேல் பூத் 2009இல் அளித்த விளக்கத்திலும் இதன் உறவுமுறை தெரிகிறது. அங்கே ஒவ்வொரு செயலும் தன்னைத் தொடரலாம், வேறொன்றாக மாறலாம், முடிந்துவிடலாம். அல்லது SuspendFor என்று சொல்லி வேறொரு செயலைத் தன்மேல் அடுக்கிவிட்டுக் காத்திருக்கலாம். மேலே உள்ளது முடிந்ததும் கீழே காத்திருந்தது OnResume வழியாக விழித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வடிவமைப்பாளர் எழுதியே ஆக வேண்டிய கேள்வி: நான் விட்டுப்போன வேலைக்கு இன்னும் பொருள் உண்டா?

மேற்கண்ட மரத்தையும் இதே சிந்தனையால் திருத்தலாம். சுடும் கிளையை 300 அலகில் எழுப்பி, எதிரி 400ஐத் தாண்டிய பின்னரே அடங்கச் செய்வது ஒரு வழி. பார்னியின் நடைக்கு இருந்த இடைவெளியே இது. தூக்குதல் மூன்று நொடியைக் கடந்துவிட்டால் கைக்கெட்டும் தொலைவில் உள்ள எதிரியைத் தவிர வேறெதுவும் குறுக்கிடாதபடி பூட்டுவது இன்னொன்று. இரண்டுமே மரத்துக்குள் ஒளித்துவைத்த நிலைகள். இப்படிப்பட்ட பூட்டுகள் ஏழெட்டு சேர்ந்துவிட்டால் மரத்தைப் படித்து நடத்தையை ஊகிக்க முடியாது. பழைய பின்னல் வேறு பெயரில் திரும்பிவந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் 'உதவியில் ஈடுபட்டிருத்தல்' என்பதை வெளிப்படையான நிலையாக்கி, அதற்குள் சிறு மரத்தை வைப்பதே நேர்மையான வழி.

அன்ரியல் இயங்குதளத்தின் வளர்ச்சி இந்தத் திசையில்தான் போயிருக்கிறது. அதன் நான்காம் பதிப்பின் நடத்தை மரத்தில், நிபந்தனை மாறும்போது எதை முறிக்கலாம் என்று ஒவ்வொரு முடிச்சிலும் None, Self, Lower Priority, Both ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அம்புக்குறியை வரையவில்லையே தவிர, அதைப் பற்றிச் சிந்திக்கும் கடமை வந்துவிட்டது. ஐந்தாம் பதிப்பில் ஸ்டேட்ட்ரீ என்ற தனி அமைப்பு சேர்ந்தது. நடத்தை மரத்தின் தேர்வு முறையையும் நிலைப்பொறியின் நிலைகளையும் தாவல்களையும் இணைத்த அடுக்குமுறை நிலைப்பொறி என்று அதன் ஆவணமே அதை விவரிக்கிறது. வெளியே நிலை, உள்ளே முன்னுரிமைத் தேர்வு, குறுக்கிடுவதற்கு உரியவை எவை என்ற பட்டியல்: பார்னி 1998இல் நடந்ததும் இந்த ஏற்பாட்டில்தான்.