சலூன் காப்புறுதி (மட்டக்களப்பு)
வாவிக்கரையில் சலூன் நடத்துபவர் எடுக்கும் தீக் காப்புறுதி, அடிப்படையில் தீ, மின்னல் இழப்புகளையே ஈடுசெய்யும். வெள்ளம், சூறாவளி இரண்டையும் பொதுவாகக் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். 1978 சூறாவளியையும் 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட ஊரில் அவற்றை விடுவது பெரும் தவறு. களவுப் பிரிவு பெரும்பாலும் பூட்டோ கதவோ உடைந்த தடயத்தைக் கேட்கும். மின்னழுத்தம் ஏறிப் பழுதான ட்ரையருக்குத் தனிப் பிரிவு தேவை.

இழப்பீட்டில் அதிகம் அடிபடுவது, பெறுமதியைக் குறைத்து எழுதியவர்தான். ஒரு சலூனின் கதிரை, கண்ணாடி, ஸ்டீமர் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் பெறும், உரிமையாளர் 6 லட்சத்துக்கே எழுதினார் எனக் கொள்வோம். தீயில் 2 லட்சம் ரூபாய்ச் சாமான் எரிந்தால், சராசரி விதிப்படி கணக்கு 1.2 லட்சத்தில் நிற்கும். ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஏற்கும் தொகை இருந்தால் அதுவும் கழியும். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கருகிய சாமானை எறியக் கூடாது. சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகளின் பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையோடு அவையும் எரிந்துவிடும்.