இறையாண்மையைப் பகிர்வது எப்படி? வளைகுடா கூட்டமைப்பை வைத்து ஒரு தேர்வு விடை

“பிராந்தியப் பொருளாதாரக் கூட்டமைப்புகளில் நாடுகள் வணிகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் தங்கள் இறையாண்மையை எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்கின்றன? எடுத்துக்காட்டுடன் விளக்குக.” போட்டித் தேர்வுகளிலும் கல்லூரித் தேர்வுகளிலும் வரக்கூடிய கேள்வி இது. கூட்டமைப்புகளின் பெயரையும் உறுப்பு நாடுகளையும் வரிசையாக எழுதிவிட்டால் விடை ஆகிவிடாது. ஒரு நாடு தானே எடுத்துவந்த எந்த முடிவை இனித் தனியாக எடுக்க முடியாது என்பதைத்தான் கேள்வி கேட்கிறது.

நம் குடும்பங்களுக்குப் பழக்கமான வளைகுடா ஒத்துழைப்பு கவுன்சிலையே எடுத்துக்கொள்வோம். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகள் 1981 மே மாதம் அபுதாபியில் இதைத் தொடங்கின.

முதலில் வணிகம். 2003 ஜனவரியில் இங்கே சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு நாடுகளுக்கும் பொதுவாக 5 சதவீதச் சுங்க வரி என்று முடிவானது. 1,000 திர்ஹம் மதிப்புள்ள சரக்கு துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கினால் அங்கேயே 50 திர்ஹம் வரி. அதே சரக்கு பிறகு ரியாதுக்குப் போனால் மீண்டும் சுங்க வரி இல்லை என்பதே விதி. எனவே விதிப்படி அந்தச் சரக்குக்குச் சவூதி தன் விருப்பப்படி வேறு சுங்க வரி வைக்கக் கூடாது. இங்கே இறையாண்மை உண்மையிலேயே பகிரப்பட்டுள்ளது.

ஆனால் மதிப்புக் கூட்டு வரி விகிதம் அந்தந்த அரசின் கையில்தான். 2020இல் சவூதி அதை 5 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தியபோது அமீரகம் 5 சதவீதத்திலேயே நின்றது. பொது நாணயத் திட்டத்திலும் இதே நிலைதான். ஓமன் முன்பே விலகியது. நாணய அமைப்பின் தலைமையகம் ரியாதில் என்று முடிவானதும் 2009இல் அமீரகமும் விலகியது. பொது நாணயம் இன்றுவரை வரவில்லை.

அடுத்து பாதுகாப்பு. ‘தீபகற்பக் கேடயம்’ என்ற கூட்டுப்படை 1980களிலிருந்தே உள்ளது. 2011இல் அது பஹ்ரைனுக்குச் சென்றது அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டதால்தான். 2017இல் சவூதி, அமீரகம், பஹ்ரைன் ஆகியவை கத்தாருடன் உறவை முறித்து எல்லைகளை மூடின. குவைத்தும் ஓமனும் அதில் சேரவில்லை. உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்புச் சொல்ல நிரந்தர நீதிமன்றம் அங்கே இல்லை. 2021 ஜனவரியில் அல்-உலா மாநாட்டில் தலைவர்கள் பேசித்தான் பிணக்கு தீர்ந்தது.

காரணம் சாசனத்திலேயே இருக்கிறது. உச்ச கவுன்சிலில் முக்கிய முடிவுகளுக்கு ஒருமனதான ஒப்புதல் தேவை. ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பல விஷயங்களில் பெரும்பான்மை வாக்கே போதும், தோற்ற நாடும் கட்டுப்பட வேண்டும், மீறினால் ஒன்றியத்தின் நீதிமன்றம் இருக்கிறது.

ஆகவே விடையை இப்படி முடிக்கலாம்: வளைகுடா நாடுகள் சுங்க வரியில் இறையாண்மையைப் பகிர்ந்துள்ளன, நாணயத்திலும் பாதுகாப்பிலும் ஒத்துழைக்க முயல்கின்றன, ஆனால் அதிகாரத்தைக் கைவிடவில்லை. வேறு கூட்டமைப்பைக் கேட்டாலும், முடிவெடுப்பது யார், ஒரு நாடு மறுத்தால் என்ன ஆகும், மீறினால் யார் தீர்ப்புச் சொல்வார் என்ற மூன்றையும் பார்த்து எழுதினால் விடை சரியாக அமையும்.