கூலி கேட்டவருக்கு ‘நோட்டட்’: ராஜபாளையம் வட்டார வணிகச் செய்திகளில் குறும்பதிலும் மரியாதையும்

‘ஓகே’, ‘நோட்டட்’, ‘தேங்க்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் வரும் பதில் பெறுபவருக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது? பதில் நீளமாக இல்லாததால் என்பதே வழக்கமான விளக்கம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. முன்னால் வந்த செய்தி எதைக் கேட்டதோ அதைப் பதில் தராமல் விடும்போதும், பேச்சில் தானாக வந்து ஒட்டும் விளி எழுத்தில் உதிரும்போதும்தான் தைக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் பேச்சு வழக்கும் தொழில் வழக்கும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

நீளம் காரணமல்ல என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சான்று உண்டு. ஆண்டாள் கோயிலைச் சுற்றி வாழும் வைணவ மரபில் பெரியவர் அழைத்தாலோ ஒன்றைப் பணித்தாலோ ‘அடியேன்’ என்ற ஒரு சொல்லே முழுப் பதிலாகிவிடும். அதில் ஒப்புதலும் இருக்கிறது, சொல்பவர் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதும் இருக்கிறது. கடைத்தெருவில் ‘சரிங்க’, ‘சரி அண்ணாச்சி’, ‘ஆகட்டும்ணே’ ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன. ‘சரி’ செய்தியை ஏற்கிறது, ‘அண்ணாச்சி’ ஆளை ஏற்கிறது. திரையில் தட்டும்போது பலர் முதல் பாதியை மட்டும் அனுப்புகிறார்கள். ‘ஓகேங்க’ என்று எழுதத் தடையொன்றும் இல்லை, எழுதுபவர்களும் இருக்கிறார்கள். விரல் சோம்பலில் அந்த ஈரெழுத்து போய்விடுகிறது, அதோடு மரியாதையும் போய்விடுகிறது.

மரியாதை வழக்கு பற்றி பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் கட்டுரையாகவும் 1987-இல் நூலாகவும் வெளியிட்ட கோட்பாட்டுக்கு ஆதாரமான மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டக் கிராமமொன்றில் அவர்கள் தரவு திரட்டினார்கள். பூச்சில்லாத வெற்றுப் பேச்சுக்கு அவர்கள் சொல்லும் இடங்களில் இரண்டு நமக்கு முக்கியம்: அவசரம், பேசுபவரின் மேலிடம். விளியில்லாத ‘ஓகே’யைப் பெற்றவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர் அவசரத்தில் இருக்கிறாரா, என்னைக் கீழே வைக்கிறாரா? நேரில் குரலும் முகமும் அதைத் தீர்த்துவிடும். எழுத்தில் தீராமல் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனையில், கைபேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால் அது மனமில்லாத பதிலாகப் படிக்கப்பட்டது. கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளிக்கு அந்த விளைவு இல்லை. குரல் இல்லாத இடத்தில் ஒரு புள்ளியைக்கூட மக்கள் குரலாகக் கேட்கிறார்கள்.

இனி ஒரு தொழிலுக்குள் நுழைந்து பார்ப்போம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. இங்கே உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கித் தன் விசைத்தறியில் நெய்து, துணியைத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெறும் முறை உண்டு. இந்த உறவில் நடக்கக்கூடிய இரண்டு பரிமாற்றங்களை எடுத்துக்காட்டுக்காக அமைக்கிறேன். தறிக்காரர் எழுதுகிறார்: “துணி ஏத்தியாச்சு அண்ணாச்சி. வண்டி ஆறு மணிக்கு வந்திரும்.” பதில்: “ஓகே.” இதில் யாருக்கும் வருத்தமில்லை. முதல் செய்தி தகவல். போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும். மேலும், உடன்பாடு சட்டென்றும் சுருக்கமாகவும் வரும், மறுப்புதான் தயங்கித் தயங்கி, காரணங்களோடு வரும் என்று அனிதா பொமரன்ட்ஸ் 1984-இல் காட்டினார். அந்த முறையில் இங்கே சுருக்கமே நல்ல அறிகுறி.

இரண்டாவது பரிமாற்றம்: “போன வாரக் கூலி இன்னும் வரலை அண்ணாச்சி. சனிக்கிழமை ஆளுகளுக்குச் சம்பளம் போடணும்.” பதில்: “நோட்டட்.” இது தைக்கிறது. இதற்குக் காரணம் முரட்டுத்தனம் என்று சொல்வது மேலோட்டமான படிப்பு. தறிக்காரர் கேட்டது ஒரு நாள், அல்லது ஒரு தொகை, குறைந்தது ‘பார்த்துச் சொல்றேன்’ என்ற ஒரு வாக்கு. வந்ததோ செய்தி கிடைத்ததற்கான ரசீது. ‘தர்றேன்’ என்றும் இல்லை, ‘இப்ப முடியாது’ என்றும் இல்லை. மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், ஏற்றிருந்தால் நாள் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு கடமையிலிருந்தும் ‘நோட்டட்’ விடுவிக்கிறது. அலுவலகக் கடிதப் போக்குவரத்தில் அது பயன்பட்டதும் இதற்காகத்தான். ஆகவே தறிக்காரரின் மனவருத்தத்தைத் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று ஒதுக்குவது தவறு. தனக்கு வாக்கு தரப்படவில்லை என்பதை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

தைத்ததா என்று ஆய்வாளர் எப்படி அறிவது? குறும்பதிலையே உற்றுப் பார்த்துப் பயனில்லை, அதற்கு அடுத்து வரும் செய்தியைப் பார்க்க வேண்டும். பெற்றவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு உரையாடல் பகுப்பாய்வில் முதன்மைச் சான்று அதுதான். “சரிங்க அண்ணாச்சி, வெள்ளிக்குள்ள கிடைச்சா நல்லாருக்கும்” என்று தறிக்காரர் கோரிக்கையை இன்னொரு முறை, இன்னும் பணிவாக வைத்தால், முதல் பதில் பதிலாகவில்லை என்று பொருள். எழுதுவதை விட்டு நேரே தொலைபேசியில் அழைத்தாலும் அதே பொருள்தான்.

ஒருவரின் வழக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். எப்போதும் ‘ஓகே’ என்று மட்டும் எழுதுபவரின் ‘ஓகே’ யாரையும் தைப்பதில்லை. நேற்றுவரை ‘சரி தம்பி’ என்றவர் இன்று ‘ஓகே’ என்றால்தான் மனம் கணக்குப் போடுகிறது. வழக்கத்துக்கு இருக்கும் இந்த எடையை ஒரு நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்தில் 2021 மார்ச்சில் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்ட நிறுவனத்துக்கு ஒரு விவசாயி கட்டைவிரல் குறியை மட்டும் அனுப்பினார். செய்தி கிடைத்தது என்பதே அதன் பொருள் என்று பின்னர் வாதிட்டார். முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் ‘ஓகே’ போன்ற குறும்பதில்களையே அனுப்பிச் சரக்கையும் கொடுத்திருந்ததை வைத்து, 2023-இல் நீதிமன்றம் அந்தக் குறியை ஒப்புதலாகக் கொண்டு, சுமார் 82,200 கனடிய டாலர் இழப்பீடு விதித்தது. ரசீதா, வாக்கா என்ற அதே கேள்வி, அங்கே வழக்காகியிருக்கிறது.

‘தேங்க்ஸ்’ வேறு வகை. தென்னிந்தியாவில் நன்றி வாய்ச்சொல்லைவிடத் திரும்பச் செய்வதிலேயே பெரிதும் வெளிப்படுவதை அர்ஜுன் அப்பாதுரை 1985-இல் எழுதினார். ஆண்டுக்கணக்கில் பாவு கொடுத்து வாங்கும் இருவருக்கிடையே, ஒரு நாள் அவசரத்துக்கு இரவெல்லாம் தறி ஓட்டிக் கொடுத்தவருக்கு ‘தேங்க்ஸ்’ மட்டும் வந்தால், கணக்கு முடித்து அனுப்பியதுபோல் ஆகிறது. “நல்ல நேரத்துல கைகொடுத்தீங்க” என்றால் உறவு தொடர்கிறது. முன்பின் அறியாத வாடிக்கையாளர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கு அனுப்பும் ‘தேங்க்ஸ்’ இதில் சேராது. அங்கே கணக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டது.

எனவே இத்தகைய செய்திகளைத் திரட்டும் ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்: ஒற்றைச் சொல் பதில்களை மட்டும் எண்ணிப் பட்டியலிடாதீர்கள். அதற்கு முந்தைய செய்தியையும் பிந்தைய செய்தியையும், அந்த இருவரின் பழைய வழக்கத்தையும், யார் யாருக்குக் கூலி தர வேண்டியவர் என்பதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.